கட்டங்களுக்கு வெளியே – 9: தோற்றுவிட்டு வருபவளிடம் என்ன சொல்வது?

செஸ் போட்டி நடக்கும் அரங்கின் வாசலில், உள்ளேயிருந்து வரும் குழந்தையின் முகத்தைப் பார்த்தே முடிவு தெரிந்துவிடும். முகம் வாடியிருந்தால், காத்திருக்கும் நம் வாயிலிருந்து சில வார்த்தைகள் தானாக வந்து விழும். “பரவாயில்ல விடு, விளையாட்டுத்தானே.” “அவனுக்கு இன்னிக்கு லக்கு.” “நீதான் நல்லா ஆடின.” “அடுத்த ரவுண்டு கண்டிப்பா ஜெயிச்சிடுவ.” எல்லாமே பாசத்தில் வருபவை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்தில் குழந்தைக்கு உதவுவதில்லை என்று நான் நம்புகிறேன்.

செஸ்ஸில் தோற்ற குழந்தைக்குத் தன் தோல்வியைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். கிரிக்கெட் என்றால் மட்டையாளர் சொதப்பினார், பிட்ச் சரியில்லை, நடுவர் தவறாகக் கொடுத்தார் என்று பழியைப் பங்கு போடலாம். இங்கே பகடை இல்லை, கூட்டாளி இல்லை. எந்தக் காயை எங்கே வைத்தோம் என்பது விரல் நுனியில் இருக்கிறது. அப்படிப்பட்டவளிடம் போய் “அவனுக்கு லக்கு” என்றால், நாம் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிடும். அம்மாவுக்கு இது தெரியாது, இனி அம்மாவிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்று அவள் முடிவு செய்துகொள்வாள்.

“விளையாட்டுத்தானே” என்பது இன்னும் மோசம். விடிவதற்கு முன்பே எழுப்பிக் குளிக்க வைத்து, பஸ் பிடித்து, நுழைவுக் கட்டணம் கட்டி, விடுமுறை நாள் முழுவதையும் இதற்கென்று ஒதுக்கி அழைத்து வந்தவர்கள் நாம்தான். இவ்வளவும் செய்துவிட்டு, தோற்றதும் இது ஒன்றுமே இல்லை என்றால் எதை நம்புவாள்? அடுத்த சுற்று ஜெயிப்பாய் என்பதோ நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு. அதுவும் தோல்வியானால், தோற்ற வருத்தத்தோடு அம்மா சொன்னதைப் பொய்யாக்கிய வருத்தமும் அவள் தலையில் ஏறும்.

பொய் ஆறுதல் குழந்தைக்குள் என்ன செய்கிறது என்பதைச் சில அடையாளங்களில் கண்டுகொள்ளலாம். நாம் சொல்வதற்கெல்லாம் “ம்” என்று மட்டும் பதில் வரும். ஸ்கோர் ஷீட் கசங்கிப் பையின் அடியில் கிடக்கும், சில சமயம் கிழிந்தும் போயிருக்கும். “அப்பாகிட்ட சொல்லாதம்மா” என்பாள். 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை “நீ புத்திசாலி” என்றும், வேறு சிலரை “நன்றாக முயன்றாய்” என்றும் பாராட்டிவிட்டு, அதன்பின் எல்லாருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில்தான் அதிகம் பேர் அதைக் கூட்டி எழுதினார்கள். “நீ சாம்பியன்டா” என்று அனுப்பி வைத்த குழந்தை தோற்றதும் ஸ்கோர் ஷீட்டை ஒளிப்பதும் இதே வகைதான். தோல்வியைக் காட்டினால் நாம் கொடுத்த பட்டம் பறிபோய்விடும் என்ற பயம் அது.

சரி, வேறு என்னதான் செய்வது? என் மகள் ஆடிய ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஒன்பது வயது. வயதுப் பிரிவுப் போட்டி, ஒருவருக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடுதல். மூன்றாவது சுற்றில் வெள்ளைக் காய்கள் இவளுக்கு. முப்பது நகர்த்தல் முடிந்தபோது இவள் ஒரு குதிரை அதிகமாக வைத்திருந்தாள். இருவருக்கும் ஒவ்வொரு யானை. இவளுடைய ராஜா காஸ்லிங் செய்த இடத்தில் அப்படியே இருந்தது, அதற்கு முன்னால் மூன்று சிப்பாய்கள் அசையாமல் சுவர்போல நின்றன. கடைசி வரிசையைக் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒற்றை யானை மட்டுமே. 31ஆவது நகர்த்தலில், எதிரணியின் ஓரச் சிப்பாய் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறதே என்று அந்த யானையை அனுப்பி அதை வெட்டினாள். எதிராளிப் பையன் தன் யானையை நேராக இவளுடைய கடைசி வரிசைக்கு இறக்கினான். ராஜாவுக்கு ஓட வழியில்லை. குறுக்கே வந்து மறைக்க எந்தக் காயாலும் முடியவில்லை. செக்மேட்.

வாசலுக்கு வந்தவளிடம் நான் கேட்டது, “தண்ணி குடிக்கிறியா கண்ணு?” மட்டுமே. “எங்க விட்ட?” என்று கேட்கவில்லை. அழுகையை நிறுத்தவும் சொல்லவில்லை. மரத்தடியில் போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்.

“நான்தான்ம்மா ஜெயிச்சிட்டிருந்தேன்.”

“ஆமா. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கைவிட்டுப் போனா ரொம்ப வலிக்கும்.”

“அவனுக்கு ரேட்டிங்கே இல்ல.”

“ஆனா அந்த மேட்டை அவன் பார்த்துட்டான்.”

இதைச் சொல்லும்போது எனக்குள்ளும் தயக்கம் இருந்தது. அழுகிறவளிடம் எதிராளியைப் பாராட்ட வேண்டுமா? வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்தப் பையன் ஒரு குதிரை குறைந்த நிலையிலும் விளையாட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டால், எதிராளியின் கையில் எப்போதும் ஒரு நகர்த்தல் இருக்கிறது என்பதை அவள் கற்கும் வாய்ப்பையே நான் பறித்துவிடுவேன். அதே சமயம், முப்பது நகர்த்தல் வரை அவள் நன்றாக ஆடினாள் என்பதும் உண்மை. பொத்தாம்பொதுவாக “நல்லா ஆடின” என்று சொல்லாமல், “குதிரையை வெட்டினியே, அது நீ கண்டுபிடிச்சது” என்று இடம் சுட்டிச் சொல்லலாம். சொன்னேன். சுட்டிக்காட்ட அப்படி ஓர் இடம் இல்லாத ஆட்டங்களும் உண்டு. அன்றைக்கு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போதும்.

நான்காவது சுற்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்தது. அங்கே பல பெற்றோர் செய்வதுபோல, போனில் செஸ் இன்ஜினைத் திறந்து ஆட்டத்தை உள்ளிட்டு எங்கெங்கே தவறு என்று காட்டியிருக்கலாம். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே அதைச் செய்யவே கூடாது என்பது என் பிடிவாதம். சில பயிற்சியாளர்கள் இதற்கு உடன்படுவதில்லை. சூட்டோடு பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்பார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது சரியாக இருக்கலாம். ஒன்பது வயதில், சிவப்பில் மின்னும் அந்த மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பலகைக்குப் போகிறவள் புதிய எதிராளியுடன் ஆடமாட்டாள், பழைய ஆட்டத்தையே தொடர்வாள். சாப்பிட வைத்து, நடக்க வைத்து, வேறு பிள்ளைகளோடு ஓட விடுவதே அந்த இடைவெளிக்கு ஏற்றது. அவளே பேச விரும்பினால் கேட்கலாம், தோண்டக் கூடாது.

மறுநாள் மாலை, வீட்டில், மரப்பலகையில் ஸ்கோர் ஷீட்டை வைத்துக்கொண்டு அவளே காய்களை நகர்த்தினாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நான் பெரிய ஆட்டக்காரி இல்லை, இதற்கு அது தேவையும் இல்லை. ஸ்கோர் ஷீட்டில் நகர்த்தல்களோடு கடிகாரத்தில் மீதமுள்ள நேரத்தையும் எழுத விதி அனுமதிக்கிறது. அவளுடைய கோச் ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை எழுதப் பழக்கியிருந்தார். உண்மையான ஆறுதல் கிடைத்தது அங்கேதான்.

25ஆவது நகர்த்தலில் அவளிடம் 46 நிமிடம் இருந்தது. 30ஆவது நகர்த்தலில் 47 நிமிடம். நேரம் கூடியிருக்கிறது! ஐந்து நகர்த்தலுக்கு இரண்டரை நிமிடம் கூடுதலாகக் கிடைத்ததில் அவள் செலவழித்தது ஒன்றரை நிமிடம் மட்டுமே. குதிரையை வெட்டும்வரை ஒவ்வொரு நகர்த்தலையும் யோசித்தவள், வெட்டியதும் யோசிப்பதை விட்டுவிட்டாள்.

“இந்த இடத்துல என்ன நினைச்ச?” என்றேன்.

“முடிஞ்சிடுச்சுன்னு.”

தோற்றதற்கு அவள் சொல்லிக்கொண்டிருந்த காரணம், “எனக்கு செஸ் வராது” என்பது. தாளில் இருந்த காரணம், ஜெயிக்கும் நிலை வந்ததும் எதிராளி என்ன செய்வான் என்று பார்ப்பதை நிறுத்தியது. முதலாவதை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதைச் சரிசெய்ய முடியும். “நீ மந்தமில்லை கண்ணு, கெட்டிக்காரிதான்” என்று நான் நூறு முறை சொல்லியிருந்தாலும் இந்த வேறுபாட்டை அவள் கண்டிருக்கமாட்டாள். அதன்பின், கடைசி வரிசையைக் காக்க என்ன செய்திருக்கலாம் என்று கேட்டேன். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராஜாவுக்கு ஜன்னல் திறந்திருக்கலாம் என்று அவளே கண்டுபிடித்தாள். இன்ஜினை அதற்குப் பிறகே திறந்தோம். அவள் சொன்னதை அது ஒத்துக்கொண்டபோது முகத்தில் வந்த தெளிவு, நான் எந்த வார்த்தையாலும் கொண்டுவர முடியாதது.

அப்போது நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்றே ஒன்று. எந்தக் காயை வெட்டுவதற்கு முன்னும், “இப்போ அவனால எனக்கு செக் வைக்க முடியுமா?” என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வது. இதனால் அடுத்த போட்டியிலேயே எல்லாம் சரியாகிவிடாது. பதற்றத்தில் மறந்துபோகும், அதே தவறு மறுபடியும் வரும். முன்னேறுகிறாளா என்பதைப் புள்ளிகளில் தேடாமல், ஜெயிக்கும் நிலை வந்த பிறகு கடிகார நேரம் குறைகிறதா என்று ஸ்கோர் ஷீட்டில் பார்க்கிறேன். குறைந்தால் யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

எல்லாரும் தோற்பார்கள் என்ற உண்மையைத் தோற்ற நிமிடத்தில் சொன்னால் அதுவும் பொய் ஆறுதல் போலவே ஒலிக்கும். போட்டிக்கு முந்தைய நாட்களில் சொல்லலாம். இங்கே போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடக்கின்றன. தோற்றவர் வெளியேறுவதில்லை, ஏறக்குறைய சமமான புள்ளியுள்ளவருடன் மோதுகிறார். 128 பேர், ஏழு சுற்று, ஒரு ஆட்டம்கூட டிரா ஆகவில்லை என்று வைத்துக்கொண்டால், கடைசியில் தோற்காதவர் ஒருவர்தான். மற்ற 127 பேரும் குறைந்தது ஒரு முறை தோற்றவர்கள். இந்தக் கணக்கை அவளோடு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், அவளுக்குப் பிடித்திருந்தது.

குகேஷ் பெயரையும் இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அவர் உலகச் சாம்பியன் ஆன கடைசி ஆட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே தொடரின் முதல் ஆட்டத்தில், வெள்ளைக் காய்களோடு, டிங் லிரனிடம் அவர் தோற்றதும், 11ஆவது ஆட்டத்தை ஜெயித்துவிட்டு 12ஆவதை இழந்ததும் பலருக்குத் தெரியாது. தோற்று நிற்கும் குழந்தையிடம் “குகேஷே தோத்தான்” என்றால் ஒப்பீடுதான் காதில் விழும். சும்மா இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோல்விகளைப் பலகையில் வைத்துப் பார்த்தால், தோல்வி ஒரு ஆட்டமாகத் தெரியும்.

இவ்வளவும் பொருந்தாத பிள்ளைகளும் உண்டு. அழுகை அன்றிரவோ மறுநாளோ அடங்கிவிடுவது இயல்பு. வாரக்கணக்கில் தொடர்ந்தால், போட்டி நாளின் காலையில் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால், ஜெயித்த ஆட்டத்துக்குப் பிறகும் சந்தோஷம் இல்லையென்றால், ஸ்கோர் ஷீட்டை விரித்துப் பயனில்லை. போட்டிகளைச் சில மாதம் நிறுத்திவிட்டு, வீட்டில் அவள் பலகையைத் தானாக எடுக்கிறாளா என்று பாருங்கள். எடுக்காவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். வயிற்றுவலி நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், போட்டியைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: ரேட்டிங் எண்ணைப் பிள்ளைகளுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று பார்ப்போம்.