மாத வட்டியில் குறைந்த 8,859 ரூபாய் எங்கே?

கூட்டுறவுச் சங்கப் பேரவைக் கூட்டத்தில் டெபாசிட் பற்றிப் பேச எழுந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "நானும் ஒரு லட்சம் போட்டேன், பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு லட்சம் போட்டார். ரெண்டு ரசீதிலும் எட்டு சதவீதம்தான். அஞ்சு வருஷத்துல அவருக்கு வட்டி 48,595 ரூபாய். மாசாமாசம் வாங்கின எனக்கு எல்லாம் சேர்த்து 39,736. மீதி யாருகிட்ட இருக்கு?"

மீதி யாரிடமும் இல்லை. வித்தியாசமான 8,859 ரூபாயை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு. வங்கிகளைப் போலக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்க்கும் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு எட்டு என்றால் காலாண்டுக்கு இரண்டு சதவீதம். முதல் மூன்று மாதத்துக்கு அவருக்கு 2,000 ரூபாய் வட்டி. அதை அவர் வாங்கவில்லை. அசல் 1,02,000 ஆகிவிடுகிறது. அடுத்த காலாண்டில் வட்டி 2,040. அந்த நாற்பது ரூபாய், வட்டி ஈட்டிய வட்டி. தொடக்கத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் இருபதாவது காலாண்டில் அவருடைய வட்டி 2,914 ரூபாய்க்கு வந்துவிடும்.

காலாண்டுதோறும் வட்டியைக் கையில் வாங்குகிறவருக்கு அசல் ஒரு லட்சத்திலேயே நிற்கும். இருபது காலாண்டும் அதே 2,000, மொத்தம் 40,000. ஆக, 8,859 ரூபாயில் 8,595 ரூபாய் வட்டிக்கு வட்டி இல்லாமல் போனதால் வந்த குறைவு.

மீதி 264 ரூபாய்? அது மாதக் கணக்கில் இருக்கிறது. 8,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் 666 ரூபாய் 67 காசு வரவேண்டும். கையில் வருவதோ 662 ரூபாய் 27 காசு. இதைப் பார்த்துத்தான் பலர் சங்கம் ஏமாற்றுகிறது என்று சண்டைக்கு வருவார்கள். வட்டி உண்மையில் காலாண்டு முடிவில்தான் சேர வேண்டியது. முதல் மாதத்து வட்டியை இரண்டு மாதம் முன்கூட்டியும், இரண்டாம் மாதத்து வட்டியை ஒரு மாதம் முன்கூட்டியும் கொடுப்பதால், அந்த நாட்களுக்கான வட்டியைக் கழித்துக் கொடுக்கிறார்கள். மூன்று முறை வரும் 662 ரூபாய் 27 காசையும் அதே வட்டிக்குப் போட்டு வைத்தால், காலாண்டு முடிவில் சரியாக 2,000 ரூபாய் ஆகிவிடும்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. மாதா மாதம் வரும் பணத்தை உடனே அதே எட்டு சதவீதத்தில் தொடர் வைப்பில், அதாவது ஆர்.டி.யில், கட்டி வந்தால் ஐந்தாண்டில் உங்களுக்கும் ஏறக்குறைய 48,595 ரூபாய் சேர்ந்துவிடும். ஆர்.டி. வட்டி குறைவாக இருந்தால் அதற்கேற்பக் குறையும். மருந்துக்கும் மளிகைக்கும் அந்தப் பணம் செலவாகிறது என்றால் அதை நஷ்டம் என்று சொல்ல முடியாது. வட்டியை அனுபவித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். உண்மையில் இழப்பவர், மாத வட்டி கேட்டு வாங்கி, அதை எடுக்காமல் குறைந்த வட்டி தரும் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்க விடுகிறவர்.

விளம்பரப் பலகையிலும் ஒரு சிக்கல் உண்டு. 48,595 ரூபாயை ஐந்தால் வகுத்து, 'ஆண்டுக்கு 9.72 சதவீதம் வருமானம்' என்று சிலர் எழுதுவார்கள். வட்டி விகிதம் அதே எட்டுதான். இரண்டு சங்கங்களை ஒப்பிடும்போது இந்த எண்ணைப் பார்க்காதீர்கள். ரசீதில் எழுதப்படும் விகிதத்தையும், வட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அசலில் சேர்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

இடையில் டெபாசிட்டை முறிப்பதிலும் கவனம் தேவை. முன்கூட்டி முடித்தால் பொதுவாகக் குறைந்த விகிதத்தில் வட்டியைத் திரும்பக் கணக்கிடுவார்கள். அப்படியானால் மாத வட்டிக்காரர் ஏற்கெனவே கூடுதலாக வாங்கிய தொகை அசலில் கழியும். போட்ட ஒரு லட்சத்தைவிடக் குறைவாகக் கைக்கு வருவது இதனால்தான்.

மொத்தப் பணத்தையும் ஒரே வகையில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஆறு லட்சம் இருக்கிறது, பென்ஷன் போக மாதம் 3,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். லட்சத்துக்கு 662 ரூபாய் என்றால் நாலு லட்சத்து 55 ஆயிரத்தை மாத வட்டியில் போட்டால் 3,013 ரூபாய் வரும். மீதி ஒரு லட்சத்து 45 ஆயிரம் கூட்டு வட்டியில் கிடந்தால், ஐந்தாண்டில் ஏறத்தாழ 2,15,460 ரூபாய். ஆறு லட்சத்தையும் மாத வட்டியில் போட்டிருந்தால் மாதம் 3,974 ரூபாய் வந்திருக்கும். தேவைக்கு மேல் வரும் அந்தத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தை என்ன செய்வீர்கள் என்பதை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.