பில்லில் பிடித்த பணம் எங்கே போய்ச் சேர்கிறது?

திருப்பூரில் பவர் டேபிள் நடத்தும் ஒருவரிடம் டீக்கடையில் பேச உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் இந்தக் கேள்விக்கு வந்து சேரும். “ஏனுங்க, தைச்சுக் குடுத்த கூலிக்கு பில் போட்டா, ரெண்டாயிரத்தைக் கழிச்சுட்டுத்தான் பேங்க்ல போடறாங்க. கேட்டா டி.டி.எஸ்.னு சொல்றாங்க. அந்தப் பணம் எங்கீங்க போகுது?”

நியாயமான கேள்வி. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால், ஒரு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பணத்தின் பின்னாலேயே நடந்து பார்ப்போம்.

ஏற்றுமதி நிறுவனம் துணியை வெட்டிக் கொடுக்கிறது. நம் நண்பர் தைத்துக் கொடுக்கிறார். 2024 ஏப்ரலில் அவர் போட்ட பில்லில் தையல் கூலி 2,00,000 ரூபாய். அதன்மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 10,000 ரூபாய், மொத்தம் 2,10,000. வங்கியில் வந்தது 2,08,000.

துணி நிறுவனத்துடையது, உழைப்பு நண்பருடையது. இப்படிப்பட்ட வேலைக்குக் கொடுக்கும் பணத்தில் வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவின்படி வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தர வேண்டும். பெறுபவர் தனிநபர் என்றால் 1 சதவீதம். கூட்டு நிறுவனமோ கம்பெனியோ என்றால் 2 சதவீதம். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலும், ஒரு நிதியாண்டில் மொத்தம் 1,00,000 ரூபாயைத் தாண்டினாலும் பிடித்தம் உண்டு. பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டுக் கூலியின்மேல் மட்டும் பிடிக்க வேண்டும். அதனால்தான் 2,10,000க்கு 2,100 பிடிக்காமல், 2,00,000க்கு 2,000 பிடித்தார்கள்.

நிறுவனத்திடம் பான் எண் கொடுக்காமல் இருந்தாலோ, ஆதாரோடு இணைக்காததால் அந்தப் பான் செயலிழந்திருந்தாலோ, 1 சதவீதம் 20 சதவீதமாகிவிடும். இதே பில்லில் 40,000 ரூபாய் போயிருக்கும். ஆகவே முதல் பில்லுக்கு முன்பே பான் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த 2,000 ரூபாய் போகும் வழி. அது நிறுவனத்தின் பணம் ஆகிவிடவில்லை. நண்பர் கட்ட வேண்டிய வருமான வரிக்கு முன்பணமாக, அவர் சார்பில் நிறுவனம் கையில் வைத்திருக்கும் பணம் அது. ஏப்ரலில் பிடித்ததை மே 7க்குள் சலான் போட்டு அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். மற்ற மாதங்களுக்கும் அடுத்த மாதம் 7ஆம் தேதிதான் கெடு. மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு.

ஆனால் சலான் கட்டியதும் வேலை முடியவில்லை. நிறுவனம் ஒரே சலானில் நூறு பேரிடம் பிடித்ததைச் சேர்த்துக் கட்டியிருக்கும். அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது அரசுக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனம் தாக்கல் செய்யும் 26க்யூ என்ற ரிட்டர்ன். இந்த பான் எண்காரருக்கு இந்தத் தேதியில் இவ்வளவு கூலி, அதில் இவ்வளவு பிடித்தம், அது இந்தச் சலானில் கட்டப்பட்டது என்று வரிவரியாக அதில் எழுத வேண்டும். அப்படி எழுதும்போதுதான் அந்த 2,000 ரூபாய்க்கு நண்பரின் பெயர் ஏறுகிறது. அதன் பிறகே அது அவருடைய 26ஏஎஸ் அறிக்கையில் வரவாகத் தெரியும்.

அந்த ரிட்டர்ன் சரியாகப் போய்ச் சேர்ந்த பின், வருமான வரித்துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து நிறுவனம் இறக்கிக் கையெழுத்திட்டுத் தருவதுதான் 16ஏ சான்றிதழ். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு ரிட்டர்ன் ஜூலை 31க்குள், சான்றிதழ் ஆகஸ்ட் 15க்குள். அடுத்த காலாண்டுகளுக்குச் சான்றிதழ் நவம்பர் 15, பிப்ரவரி 15, ஜூன் 15 ஆகிய தேதிகளுக்குள் வந்துவிட வேண்டும்.

சில அலுவலகங்களில் லெட்டர்பேடில் “உங்களிடம் இவ்வளவு டி.டி.எஸ். பிடித்துள்ளோம்” என்று எழுதிக் கொடுப்பார்கள், அல்லது கணக்கு மென்பொருளிலிருந்து ஒரு பட்டியலை அச்செடுத்துத் தருவார்கள். இவை இரண்டும் 16ஏ அல்ல. பிடித்தார்கள் என்பதற்கு அவை சாட்சியாகலாம்; அரசிடம் உங்கள் பெயரில் சேர்ந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. உண்மையான 16ஏவில் சான்றிதழ் எண், நிறுவனத்தின் டான் எண், உங்கள் பான், எந்தக் காலாண்டு, ரிட்டர்னின் ரசீது எண், ஒவ்வொரு சலானின் விவரம் ஆகிய எல்லாம் இருக்கும். சலான் வரிசையின் கடைசிக் கட்டத்தில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். அது F என்றிருந்தால், கட்டிய பணமும் ரிட்டர்னில் எழுதியதும் ஒத்துப்போய்விட்டன என்று பொருள். U என்றிருந்தால் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இனி நம் நண்பரின் கணக்கைப் பார்ப்போம். ஏப்ரலில் 2,00,000, மே மாதம் 3,00,000, ஜூனில் 2,50,000 என்று மூன்று பில் போட்டார். மொத்தக் கூலி 7,50,000, பிடித்தம் 7,500. ஆகஸ்டில் வந்த 16ஏவில் கூலி 5,00,000 என்றும் பிடித்தம் 5,000 என்றும்தான் இருந்தது. “மொத்தமா ஒரு தொகை இருக்குதுங்களே, சரியாத்தான் இருக்கும்” என்று அதை ஃபைலில் போட்டுவிடுவதுதான் வழக்கம். நண்பர் பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஜூன் பில்லுக்கான 2,500 ரூபாய் இல்லை.

எது விடுபட்டிருக்கிறது என்பதை வைத்தே தவறு எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். அந்தக் காலாண்டில் அந்த நிறுவனத்தின் பதிவு ஒன்றுகூட 26ஏஎஸ்ஸில் இல்லையென்றால், அவர்கள் ரிட்டர்னே தாக்கல் செய்யவில்லை, அல்லது தாக்கல் செய்தது இன்னும் ஏறவில்லை. பதிவு இருந்து பக்கத்தில் U இருந்தால், பணம் கட்டாமல் இருக்கலாம், அல்லது சலான் விவரத்தைத் தப்பாக எழுதியிருக்கலாம். மற்றதெல்லாம் இருந்து ஒரு பில் மட்டும் காணவில்லை என்றால், அந்தப் பில்லை அடுத்த காலாண்டில் கணக்கு ஏற்றியிருக்கலாம், அல்லது அந்த ஒரு பதிவு வேறொருவர் பானில் போயிருக்கலாம்.

ஜூன் மாதப் பில்லுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது காலாண்டைத்தான். பணம் கொடுக்கும் நாள், பில்லை வரவு வைக்கும் நாள் இரண்டில் எது முந்தியதோ அன்று வரி பிடிக்க வேண்டும் என்பது விதி. ஜூன் 28 தேதியிட்ட பில்லை நிறுவனம் ஜூலையில்தான் கணக்கில் ஏற்றியது என்றால் அது செப்டம்பர் காலாண்டில் வரும், பணம் தொலையவில்லை. நண்பரின் பில்லோ ஜூன் 10 தேதியிட்டது, பணமும் ஜூனிலேயே வந்துவிட்டது. ஆகவே அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

அவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் பான், நிறுவனத்தின் டான், காலாண்டு, பில் எண், தேதி, ஜி.எஸ்.டி. இல்லாத தொகை, பிடித்த தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வங்கியில் வரவான பக்கத்தின் நகலையும் இணைத்தார். இந்த விவரங்கள் இருந்தால் அந்த அலுவலகத்தில் தேடுவதற்குப் பத்து நிமிடம் போதும். தேடியபோது தெரிந்தது: ஏறக்குறைய இதே பெயரில் இன்னொரு தையல்காரர் அவர்கள் கணக்கில் இருக்கிறார், ஜூன் பில்லை அவர் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். பணம் அரசிடம்தான் இருந்தது, ஆனால் இன்னொருவர் பெயரில்.

இதற்கு மருந்து திருத்த ரிட்டர்ன். நிறுவனம் டிரேசஸ் தளத்திலிருந்து பழைய ரிட்டர்னின் கோப்பை இறக்கி, அந்த ஒரு வரியைச் சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்ய வேண்டும். நண்பரால் இதைத் தானே செய்ய முடியாது. ஆடிட்டராலும் முடியாது. வரி அலுவலகத்துக்கே போனாலும் நிறுவனத்திடம் போகத்தான் சொல்வார்கள். திருத்தம் ஏறியதும் 26ஏஎஸ்ஸில் 7,500 தெரியும். அதன் பிறகு புதிய 16ஏவைக் கேட்டு வாங்க வேண்டும்.

“ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு இவ்வளவு அலைச்சலுங்களா?” என்றால், ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 2024-25இல் அவருடைய மொத்தக் கூலி வரவு 30,00,000 ரூபாய், பிடித்தம் 30,000. ஆள் கூலி, மின்சாரம், வாடகை, நூல் எல்லாம் போக அவருக்கு நின்ற லாபம் 2,40,000. வேறு வருமானம் இல்லை. புதிய வரி முறையில் அந்த ஆண்டுக்கு 3,00,000 வரை வரியே இல்லை. ஆக, பிடித்த 30,000 ரூபாயும் அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம். ஒரு மாத லாபமே 20,000 உள்ளவருக்கு அது ஒன்றரை மாத உழைப்பு. ஆனால் அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அது வரும். 26ஏஎஸ்ஸில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் தடையில்லாமல் வரும்.

இதில் சட்டம் தரும் ஒரு பாதுகாப்பையும், அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களிடம் வரியைப் பிடித்துவிட்டு நிறுவனம் அரசுக்குக் கட்டவில்லை என்றால், அதே வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது 205ஆம் பிரிவு. பிடித்தார்கள் என்பதை பில்லும் வங்கிக் கணக்கும் காட்டும். ஆனால் அது கேட்பதைத்தான் தடுக்கிறது. நம் நண்பரைப் போல வரியே இல்லாமல் பணத்தைத் திரும்பப் பெற வேண்டியவருக்கு, 26ஏஎஸ்ஸில் ஏறாத தொகையை அது தானாகக் கொண்டுவந்து தராது.

நிறுவனத்துக்கும் தாமதம் லாபமில்லை. பிடித்ததைக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. ஒரு நாள் தள்ளினாலும் அது ஒரு மாதமாகவே கணக்காகும். ரிட்டர்ன் தாமதமானால், பிடித்த வரியின் அளவு வரை நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். சான்றிதழ் தராமல் இழுத்தாலும் தனியாக அபராதம் உண்டு. ஆகவே 16ஏவைக் கேட்பது தயவு கேட்பதல்ல. அவர்கள் செய்தே ஆக வேண்டிய வேலையைக் கேட்பது.

ஒவ்வோர் ஆண்டும் பிடித்ததெல்லாம் திரும்பித்தான் வருகிறது என்றால், முன்கூட்டியே குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. 197ஆம் பிரிவின்படி படிவம் 13இல் விண்ணப்பித்து, குறைந்த விகிதத்தில் பிடிக்க உத்தரவு வாங்கலாம். முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன்கள் ஒழுங்காக இருந்தால்தான் அது எளிதில் கிடைக்கும்.

இங்கே சொன்ன பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் எண்கள் மாறுகின்றன. 194சி சொல்வது 393ஆம் பிரிவுக்குள் வருகிறது. பிடிப்பது, கட்டுவது, பெயரில் ஏற்றுவது, சான்றிதழ் தருவது என்ற வரிசை மாறவில்லை.

பில் புத்தகத்தில் ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே தேதி, ஜி.எஸ்.டி. இல்லாத தொகை, பிடித்தம் என்று மூன்றே மூன்று எழுதி வையுங்கள். ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, ஜூன் மாதங்களில் 15ஆம் தேதி கழிந்ததும் அதை 26ஏஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகஸ்டில் கண்ட தவறைத் திருத்த, அந்தப் பில்லைக் கணக்கில் ஏற்றியவர் பெரும்பாலும் அதே நாற்காலியில் இருப்பார். அடுத்த ஜூலையில் கண்டால் அவரைத் தேடிப் பிடிக்கவே நாளாகும். நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவோ அதற்குள் நெருங்கிவிடும்.