எத்தனை சீட் நிரம்பினால் கட்டுப்படியாகும்?

கோவையில் பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் போனால், கடைகளுக்கு மேலே மாடியில் 'கோவொர்க்கிங்' என்று பலகை தொங்குவதைப் பார்க்கலாம். உள்ளே வரிசையாக மேசைகள், கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மீட்டிங் ரூம், மூலையில் காபி மெஷின். சொந்தமாக ஆபீஸ் எடுக்க வசதியில்லாத சிறு நிறுவனங்களும் தனியாக வேலை பார்ப்பவர்களும் மாதம் ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து உட்காருகிறார்கள். சேமிப்பைப் போட்டு இப்படி ஒன்று தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "சீட்டுக்கு என்ன ரேட் வைக்கலாம்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை சீட் நிரம்பும் என்று நம்பி அந்த ரேட்டை வைக்கிறோம்?

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். முதல் மாடியில் 2,400 சதுர அடி, 36 சீட், ஆறு பேர் உட்காரும் மீட்டிங் ரூம் ஒன்று. தொகைகள் எல்லாம் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

வாடகை சதுர அடிக்கு 40 ரூபாய் என்றால் மாதம் 96,000. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஏசிக்கும் விளக்குக்கும் கரண்ட் 20,000. இன்டர்நெட்டுக்கு ஒரு லைன் போதாது. ஒன்று படுத்தால் இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டு லைனுக்கு 9,000. சுத்தம் செய்பவருக்கு 12,000. ரிப்பேர், யுபிஎஸ், கணக்கர் என்று 8,400. இதுவரை யாரும் மறப்பதில்லை. கூட்டினால் 1,45,400 வரும். பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இதில் மூன்று செலவுகள் விட்டுப்போகின்றன. மேசை, நாற்காலி, தடுப்பு, வயரிங், ஏசி என்று உள்வேலைக்கு 18 லட்சம் போட்டிருப்போம். ஐந்து வருட ஒப்பந்தத்துக்குள் அந்தப் பணம் திரும்பி வந்தாக வேண்டும். மாதத்துக்குப் பிரித்தால் 30,000. அடுத்தது அட்வான்ஸ். பத்து மாத வாடகையாக 9,60,000 ரூபாய் கட்டிட உரிமையாளரிடம் போய் உட்கார்ந்துவிடுகிறது. பணம் திரும்பி வரும்தான், ஆனால் அதற்குக் கடன் வாங்கியிருந்தால் 12 சதவீத வட்டியில் மாதம் 9,600 போகிறது. மூன்றாவது, காலை முதல் மாலை வரை அங்கேயே இருந்து சாவி, பில், புகார் எல்லாம் பார்க்கும் உரிமையாளரின் சம்பளம், 25,000. நாம்தானே பார்க்கிறோம் என்று அதைப் பூஜ்யமாகப் போடுபவர்கள், ஒரு வருடம் கழித்து ஆள் வைக்கும்போது லாபம் எங்கே போனது என்று தேடுவார்கள். இந்த மூன்றையும் சேர்த்தால் மாத நிலைச்செலவு 2,10,000.

இதுபோக, ஆள் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஆகும் செலவு தனி. டீ, காபி, குடிதண்ணீர், கூடுதல் கரண்ட் என்று சீட்டுக்கு மாதம் 600 வைத்துக்கொள்வோம்.

தவறு தொடங்குவது அடுத்த படியில். 2,10,000-ஐ 36 சீட்டால் வகுத்தால் 5,833. அதோடு 600 சேர்த்தால் 6,433. "அப்படியென்றால் 6,500 வைத்தாலே லாபம்" என்று தோன்றும். இந்தக் கணக்கு பலிக்க 36 சீட்டும் வருடம் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு சீட் காலியானாலும் அந்த மாதம் நட்டம்தான்.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ரேட்டை முதலில் வையுங்கள், பிறகு எத்தனை சீட் வேண்டும் என்று பாருங்கள். சீட்டுக்கு 7,500 வாங்கினால், 600 போக 6,900 நிலைச்செலவை அடைக்கக் கிடைக்கும். 2,10,000-ஐ 6,900-ஆல் வகுத்தால் 30.4. அதாவது 31 சீட், 86 சதவீதம். அக்கம்பக்கத்தில் 7,500-க்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்ற நிலை இருந்து, 86 சதவீதம் நிரப்ப முடியாது என்றும் தோன்றினால், அந்த இடத்தை எடுக்காமல் விடுவதே நல்லது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேசிக் குறைக்கக்கூடிய பெரிய தொகை வாடகை ஒன்றுதான்.

பலகையில் எழுதும் ரேட் வேறு, கைக்கு வரும் ரேட் வேறு என்பதையும் பார்க்க வேண்டும். எட்டுப் பேர் கொண்ட ஒரு டீம் வந்து, "மொத்தமாக எடுக்கிறோம், 6,500-க்குக் கொடுங்கள்" என்று கேட்கும். ஒரு புரோக்கர் ஆள் கொண்டு வந்து கமிஷன் கேட்பார். பழைய உறுப்பினர் ஒருவருக்குப் பழைய ரேட்டே ஓடும். எல்லாம் போக சராசரியாகச் சீட்டுக்கு 6,950 தேறுகிறது என்று வையுங்கள். குறைந்தது 550 ரூபாய்தான், ஏழு சதவீதம் சொச்சம். ஆனால் மிஞ்சுவது 6,350 ஆகிவிடுவதால் தேவைப்படும் சீட் 31-லிருந்து 34-க்கு ஏறுகிறது, அதாவது 94 சதவீதம். தள்ளுபடி கொடுக்கும்போது 500 ரூபாயை விட்டுக்கொடுப்பதாகத்தான் மனசுக்குப் படும். உண்மையில் மேலும் மூன்று வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கும் வேலையை ஏற்றுக்கொள்கிறோம்.

இந்த இடத்தில்தான் மீட்டிங் ரூம் கைகொடுக்கிறது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், மாதம் 25 வேலைநாள் என்றால் விற்பதற்கு 225 மணி நேரம் இருக்கிறது. வெளியாட்களுக்கு மணிக்கு 400 ரூபாய் வீதம் 60 மணி நேரம் கொடுத்தாலே 24,000. டீ, கரண்ட்டுக்கு மணிக்கு 50 கழித்தால் 21,000 மிஞ்சும். நிலைச்செலவில் இதைக் கழித்தால் சீட்டுகள் அடைக்க வேண்டியது 1,89,000 மட்டும். 6,900 மிஞ்சும் கணக்கில் 28 சீட், 78 சதவீதம். தள்ளுபடி போன 6,350 கணக்கில்கூட 30 சீட் போதும்.

அந்த ரூம் பிடிக்கும் 150 சதுர அடியில் நான்கு சீட் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். நான்கும் நிரம்பினால் 27,600 மிஞ்சியிருக்கும், ரூம் தருவதைவிட அதிகம். ஆனால் 36 சீட்டையே நிரப்பத் திணறும் இடத்தில் 37-வதாகப் போடும் சீட்டுக்கு ஆள் எங்கிருந்து வரும்? கடைசியாகப் போடும் சீட்தான் கடைசியில் நிரம்பும். தவிர, கிளையன்ட்டை உட்காரவைத்துப் பேச ஒரு அறை இல்லாத இடத்துக்கு டீம்கள் வருவதில்லை.

ரூமில் பணம் கசியும் வழி வேறு. சீட்டுக்கு மாதம் இரண்டு மணி நேரம் இலவசம் என்று தாராளமாகச் சொல்லிவிட்டால், 30 உறுப்பினருக்கு 60 மணி நேரம் போய்விடும். எல்லோரும் கேட்பதும் காலை 10 முதல் 1 வரைதான். வெளியாட்களும் அதே நேரத்தைத்தான் கேட்கிறார்கள். அதனால் அந்த நேரத்துக்கு 500, மற்ற நேரத்துக்கு 300 என்று பிரித்து வைப்பதும், உறுப்பினர்களின் இலவச நேரத்தைப் பிற்பகலுக்கு ஒதுக்குவதும் நியாயமான ஏற்பாடு. கதவில் '11 முதல் 1 வரை புக்கிங்' என்று சீட்டு ஒட்டியிருக்கும், உள்ளே ஏசி ஓடும், ஆறு நாற்காலியும் காலியாக இருக்கும். இந்தக் காட்சியை வாரத்தில் இரண்டு முறை பார்த்தால், முன்பணம் வாங்காமல் புக்கிங் எடுக்கிறோம் என்று பொருள். முன்பணம் வாங்குங்கள். உறுப்பினராக இருந்தால், 15 நிமிடத்தில் வராவிட்டால் அறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

நாள் வாடகையையும் தனியாக யோசித்து வைக்கக் கூடாது. இடம் குறிக்காத சீட் மாதம் 5,000 என்றால் ஒரு நாளுக்கு 350 வைக்கலாம். மாதம் 15 நாள் வருபவருக்கு 5,250 ஆகிவிடும், மாதக் கட்டணமே லாபம் என்று அவராகவே மாறிக்கொள்வார். 200 வைத்தால் 25 நாளும் வந்தாலும் 5,000-தான், மாதக் கட்டணத்தை யாரும் எடுக்கமாட்டார்கள். இடம் குறிக்காத சீட்டை இருப்பதைவிடச் சில பேருக்குக் கூடுதலாக விற்கலாம், எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை. ஆனால் எவ்வளவு கூடுதல் என்பதை ஊகிக்காதீர்கள். தினமும் காலை பதினொன்றரைக்கும் மாலை மூன்றரைக்கும் தலையை எண்ணி நோட்டில் எழுதுங்கள். முடிவெடுக்கச் சராசரியைப் பார்க்கக் கூடாது, அதிகக் கூட்டம் வந்த நாளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

வரியிலும் கவனம் வேண்டும். இந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மேலே சொன்ன 7,500 வரிக்கு முந்தைய தொகை, பில்லில் 8,850 ஆகும். ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் அந்த 1,350-ஐ வரவில் எடுத்துக்கொள்ளும். பதிவில்லாத தனிநபருக்கு 8,850-தான் ரேட். எந்த வகை ஆட்கள் அதிகம் வருவார்கள் என்று தெரியாமல் அந்த ரேட் ஓடுமா என்று சொல்ல முடியாது. கட்டிட உரிமையாளருக்குப் பதிவு இல்லாமல் நமக்கு இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கான 18 சதவீதத்தை நாமே கட்ட வேண்டும். மாதம் 17,280. அதைப் பின்னால் வரவில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் செலவாகாது. ஆனால் சீட் நிரம்பாத ஆரம்ப மாதங்களில் கழிக்கப் போதிய வரி சேராது, பணம் மாட்டிக்கொள்ளும்.

ஆரம்ப மாதங்கள்தான் பலரைக் கவிழ்க்கின்றன. முதல் மாதம் 6 சீட் நிரம்புகிறது, பிறகு மாதம் மூன்று கூடுகிறது, ரூம் பாதி அளவுக்கு ஓடுகிறது என்று வையுங்கள். மாதம் மூன்று கூடுவது என்றால், ஒருவர் காலி செய்ய நான்கு பேரைப் புதிதாகச் சேர்ப்பது. இப்படிப் போனால் முதல் மாதம் 1,58,100 பற்றாக்குறை, நான்காவது மாதம் 96,000, எட்டாவது மாதம் 13,200. ஒன்பதாவது மாதம் 30 சீட் நிரம்பும்போதுதான் முதன்முறையாக மிஞ்சும். எட்டு மாதப் பற்றாக்குறையைக் கூட்டினால் 6,85,200. உள்வேலையைக் கடன் வாங்காமல் செய்திருந்தால், இதில் 2,40,000 கையைவிட்டுப் போகாது. மீதியை, உள்வேலைக்கும் அட்வான்ஸுக்கும் மேலாக, தொடங்கும் அன்றே கையில் வைத்திருக்க வேண்டும்.

நிரம்பிய பிறகும் ஒரு ஆபத்து உண்டு. நாம் கட்டிடத்துக்கு வருடக்கணக்கில் கையெழுத்துப் போடுகிறோம், நம்மிடம் உட்காருபவர்களோ மாதக்கணக்கில்தான் வருகிறார்கள். உலகம் முழுக்கக் கிளை விரித்த வீவொர்க் நிறுவனம் 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனதற்கு நீண்டகால வாடகைச் சுமை ஒரு முக்கியக் காரணம். நம் 36 சீட்டிலும் இதே இடைவெளி இருக்கிறது. 30 சீட் நிரம்பியிருக்கும்போது எட்டுப் பேர் டீம் ஒரே நாளில் காலி செய்தால் 22 ஆகிவிடும், கட்டுப்படியாக வேண்டிய 28-க்கு ஆறு குறைவு. ஆகவே தள்ளுபடி கேட்கும் டீமிடம் பதிலுக்குக் கேட்க வேண்டியது காலம்: ஆறு மாத லாக்-இன், இரண்டு மாத நோட்டீஸ், இரண்டு மாதக் கட்டணம் டெபாசிட். அந்த இரண்டு மாதத்தில், மேலே சொன்ன வேகத்திலேயே ஆள் சேர்ந்தால், ஆறு சீட் திரும்ப நிரம்பும்.