இளவர் சொத்து விற்பனையும் நீதிமன்ற அனுமதியும்

இளவர் (மைனர்) என்பவர் 18 வயது நிறையாதவர். அவர் பெயரில் சொத்து இருக்கலாம். ஆனால் அதை விற்கும் ஒப்பந்தத்தை அவரே செய்ய முடியாது. அவருக்காகக் காப்பாளர் கையெழுத்திட வேண்டும். இந்து இளவரின் அசையாச் சொத்தை அவருடைய இயற்கைக் காப்பாளர் விற்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவை என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது. விற்பனை மட்டுமின்றி அடமானம், தானம், பரிவர்த்தனை ஆகியவற்றுக்கும், 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும், இளவர் 18 வயதைக் கடந்த பின் ஓராண்டுக்கு மேல் நீளும் குத்தகைக்கும் இதே விதி பொருந்தும்.

அனுமதி ஏன் தேவை

இயற்கைக் காப்பாளர் என்பவர் பெரும்பாலும் தந்தை. அவர் இல்லாதபோது தாய். பிள்ளைக்கு நன்மை செய்பவர் பெற்றோர்தானே என்று தோன்றலாம். ஆனால் சொத்து விற்பனையில் பெற்றோரின் தேவையும் பிள்ளையின் தேவையும் எப்போதும் ஒன்றல்ல. தாயின் கடனை அடைப்பதற்கோ, உறவினர் தொழில் தொடங்குவதற்கோ பிள்ளையின் நிலம் விற்கப்படலாம். அதைத் தடுத்துக் கேட்கும் வயது பிள்ளைக்கு இல்லை. அந்தக் கேள்வியைப் பிள்ளையின் சார்பில் நீதிமன்றம் கேட்கிறது. விற்பனை இளவருக்கு அவசியமானது அல்லது வெளிப்படையாக நன்மை தருவது என்றால் மட்டுமே அனுமதி வழங்கலாம் என்பது 8ஆம் பிரிவின் நிபந்தனை.

ஒரு கூனிமேடு எடுத்துக்காட்டு

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உள்ள ஊர் கூனிமேடு. அங்கு ஒருவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 40 சென்ட் பட்டா நிலத்தை விட்டு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தாய், மனைவி, 19 வயது மகள், 12 வயது மகன் ஆகியோர் உள்ளனர். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு 10 சென்ட் அளவுக்குச் சம பங்கு உண்டு.

2019இல் நிலம் முழுவதும் ஒரே கிரயப் பத்திரத்தில் விற்கப்படுகிறது. பாட்டியும் மகளும் தங்களுக்காகக் கையெழுத்திடுகின்றனர். மனைவி, 'தனக்காகவும் தன் இளவர் மகனுக்காகவும்' என்று கையெழுத்திடுகிறார். நீதிமன்ற அனுமதி பெறவில்லை. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டார் என்பதால் இந்தக் குறை நீங்காது.

அனுமதி இல்லாவிட்டால் என்ன ஆகும்

இந்தப் பத்திரம் முழுவதும் வீணாகிவிடுவதில்லை. பாட்டி, மனைவி, மகள் ஆகியோரின் 30 சென்ட் பங்கு வாங்கியவருக்குச் சேரும். மகனின் 10 சென்ட் பங்கில்தான் சிக்கல். அந்த விற்பனை தொடக்கத்திலேயே செல்லாதது அன்று. இளவரின் விருப்பப்படி ரத்து செய்யத்தக்கது. அதாவது அவர் எதிர்க்கும் வரை அது நிற்கும். அவர் உரிய காலத்தில் எதிர்த்தால் விழும்.

உரிய காலத்தை 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 60ஆம் இனம் சொல்கிறது. இளவர் 18 வயதை அடைந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். இந்த மகன் 2007 ஜூனில் பிறந்தவர் என்றால் 2025 ஜூனில் 18 வயது. 2028 ஜூன் வரை அவகாசம். அதுவரை வாங்கியவரின் உரிமை உறுதியற்றது. அவர் வீடு கட்டியிருந்தாலும், வேறொருவருக்கு விற்றிருந்தாலும் மகனின் உரிமை போகாது. அந்த அவகாசம் கடந்துவிட்டால் வழக்கு எடுபடாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற முருகன் எதிர் கேசவ கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் இதை விளக்கியது. அனுமதியின்றித் தந்தை விற்றிருந்தாலும், அந்தப் பத்திரங்களைக் காலவரம்புக்குள் ரத்து செய்யக் கேட்காதவர்கள் பின்னர் சொத்தைக் கோர முடியாது என்று அது தீர்ப்பளித்தது.

எதிர்ப்பது எப்போதும் வழக்கு மூலமாகத்தான் இருக்க வேண்டுமா? அவசியமில்லை என்று 2025 அக்டோபரில், கர்நாடகத்தைச் சேர்ந்த சிவப்பா எதிர் நீலம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதில் தந்தை அனுமதியின்றி விற்ற மனையைப் பிள்ளைகள் 18 வயதுக்குப் பின் வேறொருவருக்கு விற்றனர். பழைய விற்பனையை மறுப்பதற்கு அந்தத் தெளிவான செயலே போதும் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அந்தச் செயலும் காலவரம்புக்குள் நடந்திருக்க வேண்டும்.

பத்திரம் ரத்தானால் வாங்கியவர் கொடுத்த பணம் என்னவாகும் என்ற கேள்வி எழும். அந்தப் பணத்தால் இளவருக்கு நன்மை கிடைத்திருந்தால், அந்த அளவுக்குத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் அன்றைய பணத்துக்கும் இன்றைய நில விலைக்கும் உள்ள வேறுபாடு வாங்கியவரின் இழப்பே.

கையெழுத்திட்டவர் யார் என்பது

மேற்கண்ட விதி இயற்கைக் காப்பாளருக்கு உரியது. சித்தப்பா, மாமா, தாத்தா போன்றவர்கள் பிள்ளையை வளர்த்து வந்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் இந்து இளவரின் சொத்தை விற்க முடியாது என்று அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு தடுக்கிறது.

முஸ்லிம் குடும்பங்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. முஸ்லிம் சட்டத்தில் சொத்துக்கான காப்பாளர்கள் தந்தையும் தந்தைவழிப் பாட்டனாரும் அவர்கள் உயிலில் நியமித்தவர்களுமே. தாய் பிள்ளையை வளர்த்தாலும் சொத்துக் காப்பாளர் ஆகமாட்டார். நீதிமன்ற நியமனம் இல்லாமல் அவர் விற்றால் அந்த விற்பனை தொடக்கத்திலேயே செல்லாது. 1918இல் இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் வகுத்த இந்த நிலையே இன்றும் தொடர்கிறது. ஆகவே ஒரே வகையான பத்திரம் ஒரு குடும்பத்தில் ரத்து செய்யத்தக்கதாகவும், அடுத்த வீட்டில் முற்றிலும் செல்லாததாகவும் இருக்கலாம்.

இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பிரிக்கப்படாத பூர்விகச் சொத்தில் இளவருக்குள்ள பங்குக்கு 8ஆம் பிரிவு பொருந்தாது. குடும்பத் தலைவர் குடும்பத் தேவைக்காக அதை விற்கலாம். கூனிமேடு எடுத்துக்காட்டில் உள்ள சொத்து அத்தகையது அன்று. வாரிசுரிமையில் தனித்தனிப் பங்காக வந்தது.

அனுமதி பெறும் முறை

சொத்து இருக்கும் பகுதியின் மாவட்ட அளவிலான உரிமையியல் நீதிமன்றத்தில் காப்பாளர் மனு தாக்கல் செய்ய வேண்டும். கூனிமேடு விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. பிறப்புச் சான்றிதழ், தந்தையின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், விலை நியாயமானது என்பதற்கான ஆதாரம் ஆகியவை இணைக்கப்படும். விற்கும் காரணத்தையும் இளவரின் பங்குத் தொகை எங்கே போகும் என்பதையும் மனு சொல்ல வேண்டும். நீதிமன்றம் அனுமதி தரும்போது குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கலாம். இளவரின் பங்கை அவர் 18 வயது அடையும் வரை வங்கியில் வைப்புத் தொகையாக வைக்கச் சொல்லலாம். விற்ற பிறகு அனுமதி கேட்பது இந்தப் பிரிவின்படி முன் அனுமதி ஆகாது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

வாரிசுச் சான்றிதழில் உள்ள வயதையும் பத்திரத் தேதியையும் ஒப்பிட்டால், அன்று இளவர் யாரேனும் இருந்தாரா என்பது தெரியும். இருந்திருந்தால், நீதிமன்ற உத்தரவின் எண்ணும் தேதியும் பத்திரத்தில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில், அந்த இளவர் 18 வயதைக் கடந்திருந்தால் அவரிடமே விற்பனையை ஏற்கும் உறுதிப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து பெறலாம். அவருக்கு 21 வயது கடந்திருந்தால், அதற்குள் அவர் வழக்குத் தொடர்ந்தாரா, சொத்தை வேறொருவருக்கு விற்றாரா என்பதை வில்லங்கச் சான்றிதழிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் சரிபார்த்த பிறகே வாங்குவது பாதுகாப்பானது.