நிற்கும் காரும் பேட்டரியைத் தின்னும்
பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம் போன்றவை சுமார் 30 மில்லிஆம்பியர் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஏழு வாரத்தில் காலி.

காலியானால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். மின்சாரம் இறங்கும்போது ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படியும். சீக்கிரம் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகித் தகட்டை அடைத்துவிடும். ஓய்வில் இருக்கும் பேட்டரி மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் உஷாராக வேண்டும்.

ஸ்மார்ட் மெயின்டெய்னர் சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றும். பேட்டரி நிறைந்ததும் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, செலவாவதை மட்டும் ஈடுகட்டும். இதுதான் ஃப்ளோட் சார்ஜிங். தானாக நிற்காத பழைய சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டிவைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும்.

முற்றிலும் கெட்டிப்பட்ட பேட்டரியை மெயின்டெய்னர் மீட்காது. வெளியூர் கிளம்பும் அன்றே மாட்டிவிட வேண்டும்.