எட்டாவது இண்டெக்ஸ்

பார்சல் நிறுவனம் ஒன்றின் டேட்டாபேஸில் பத்துக் கோடி பதிவுகள் கொண்ட ஒரு டேபிள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பதிவுக்கு 200 பைட் என்றால் மொத்தம் 20 ஜிபி. வாடிக்கையாளர் டிராக்கிங் எண்ணைத் தட்டும்போதெல்லாம் இந்த 20 ஜிபியையும் முதலிலிருந்து படித்துத் தேடினால் யாரும் காத்திருக்கமாட்டார்கள். தேட வேண்டிய எண்களை மட்டும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் முழுப் பதிவு எங்கே இருக்கிறது என்று குறித்து வைப்பதுதான் இண்டெக்ஸ்.

அதைப் பெரும்பாலும் பி-ட்ரீ என்ற மர அமைப்பில்தான் வைக்கிறார்கள். போயிங் ஆய்வகத்தில் வேலை பார்த்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970இல் வெளியிட்ட அமைப்பு அது. டிஸ்க்கை ஒருமுறை படிப்பதே செலவு, அப்படிப் படிக்கும்போது நிறைய எண்களை அள்ளிவிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு பேஜ் 8 கேபி. அதில் ஏறக்குறைய 300 எண்கள் அடங்கும் என்று கொள்ளலாம். உச்சியிலுள்ள ஒரு பேஜ் 300 பேஜ்களுக்கு வழிகாட்டும், அவை 90,000 பேஜ்களுக்கு. மூன்று அடுக்கிலேயே 2.7 கோடி பதிவுகள் அடங்கிவிடும். நான்காவது அடுக்கு சேர்ந்தால் 810 கோடி. ஆகவே நம் பத்துக் கோடிக்கு நான்கு பேஜ்களைப் புரட்டினால் போதும். மேல் அடுக்குகள் சிறியவை என்பதால் வழக்கமாக மெமரியிலேயே தங்கிவிடுகின்றன.

வேகம் கண்ட கை சும்மா இருக்காது. தொலைபேசி எண்ணுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று ஏழு இண்டெக்ஸ் ஆகிவிடுகிறது. இப்போது ஒரு புதிய பார்சல் வருகிறது. முழுப் பதிவை டேபிளில் இடமிருக்கும் ஏதாவதொரு பேஜில் போட்டுவிடலாம். இண்டெக்ஸில் அப்படிப் போட முடியாது, வரிசை கலைந்துவிடும். ஏழு மரங்களிலும் உச்சியிலிருந்து இறங்கி, உரிய இடத்தைக் கண்டுபிடித்துச் செருக வேண்டும். ஏறிக்கொண்டே போகும் பில் எண் என்றால் தொல்லையில்லை, எப்போதும் கடைசிப் பேஜ்தான். தொலைபேசி எண்ணோ எந்தப் பேஜிலும் விழலாம். அந்தப் பேஜ் மெமரியில் இல்லையென்றால், எழுதுவதற்காகவே அதை முதலில் டிஸ்க்கிலிருந்து படித்தாக வேண்டும். பேஜ் நிரம்பியிருந்தால் அதை இரண்டாகப் பிரித்து, மேல் அடுக்கிலும் புதிய குறிப்பைச் சேர்க்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும் ஒரு பேஜை முதன்முறை மாற்றும்போது, போஸ்ட்கிரெஸ் பாதுகாப்புக்காக அந்தப் பேஜ் முழுவதையும் லாகில் எழுதிவைப்பதே வழக்கம். சேர்த்தது 20 பைட், எழுதியது 8 கேபி.

புதிய பதிவுகளைவிட எனக்குக் கவலை தருவது மாற்றங்கள்தான். ஒரு பார்சலின் நிலை "புறப்பட்டது", "வந்து சேர்ந்தது", "கொடுக்கப்பட்டது" என்று மாறிக்கொண்டே இருக்கும். போஸ்ட்கிரெஸ் பழைய பதிவை அழித்து எழுதுவதில்லை, புதிய பிரதி ஒன்றை எழுதுகிறது. மாறிய விவரம் எந்த இண்டெக்ஸிலும் இல்லாமல், அதே பேஜில் இடமும் இருந்தால், இண்டெக்ஸ்களைத் தொடாமலே வேலையை முடித்துவிடும். ஹாட் அப்டேட் என்பது இதைத்தான்.

"நிலை"க்கும் ஓர் இண்டெக்ஸ் இருக்கட்டுமே என்று எட்டாவதைச் சேர்த்த நாளிலிருந்து இந்தச் சலுகை போய்விடுகிறது. நிலை மாறும் ஒவ்வொரு முறையும் எட்டு மரங்களிலும் புதிய குறிப்பு செருக வேண்டும். தொலைபேசி எண் மாறவே இல்லை, ஆனால் பதிவு இருக்கும் இடம் மாறிவிட்டதே! உபர் நிறுவனம் 2016இல் போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்கியூஎல்லுக்கு மாறியதை விளக்கியபோது, சொன்ன காரணங்களில் இந்த எழுத்துப் பெருக்கமும் ஒன்று. இத்தனைக்கும் நான்கைந்து மதிப்புகளே உள்ள விவரத்தைத் தேட அந்த இண்டெக்ஸ் பெரும்பாலும் உதவுவதுமில்லை. பாதி டேபிளை அள்ள வேண்டியிருந்தால் போஸ்ட்கிரெஸ் அதை ஒதுக்கிவிட்டு நேராக டேபிளையே படிக்கும்.

உங்கள் டேட்டாபேஸில் இப்படி நடக்கிறதா என்று பார்க்க, `pg_stat_user_tables` என்பதில் `n_tup_upd`, `n_tup_hot_upd` இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலாவது ஏறிக்கொண்டே போக, இரண்டாவது தேங்கி நின்றால் சந்தேகப்படலாம். எந்த இண்டெக்ஸ் சும்மா கிடக்கிறது என்பதை இது சொல்லும்:

```sql
SELECT relname, indexrelname, idx_scan
FROM pg_stat_user_indexes
ORDER BY idx_scan;
```

`idx_scan` பூஜ்யம் என்றவுடன் நீக்கிவிடாதீர்கள். ஒரே எண் இருமுறை நுழையாமல் காக்கும் யுனீக் இண்டெக்ஸ், தேடலுக்குப் பயன்படாவிட்டாலும் தேவை. ரெப்ளிகா சர்வர் தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கும், அங்கேயும் பாருங்கள். மாதக் கடைசி அறிக்கைக்கு மட்டும் பயன்படும் இண்டெக்ஸும் இருக்கலாம், ஆகவே ஒரு மாதமாவது பொறுங்கள். அதன் பிறகும் பூஜ்யமாகவே இருப்பவற்றை ஒவ்வொன்றாக `DROP INDEX CONCURRENTLY` கொடுத்து நீக்குங்கள். அந்த நேரத்திலும் டேபிளில் எழுதுவது தடைபடாது.