மூன்று நிமிடப் பேச்சுக்கு ஒரே ஒரு கதை

‘வாசிப்பின் அவசியம்’ என்பது பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் வரும் தலைப்பு. நடுவராக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் சங்கடம் தெரியும். வாசிப்பு அறிவை வளர்க்கும், புத்தகமே நல்ல நண்பன், பெரிய தலைவர்கள் சொன்னதாக நாலு பொன்மொழிகள் என்று ஒரே பேச்சைப் பிள்ளை மாற்றிப் பிள்ளை வந்து சொல்லிப் போவார்கள். அந்தப் பொன்மொழிகளில் பலவற்றை அந்தத் தலைவர்கள் எங்கே, எப்போது சொன்னார்கள் என்று கேட்டால் எழுதிக்கொடுத்தவருக்கும் தெரியாது. இதில் பிள்ளைகளின் குற்றம் ஒன்றுமில்லை. எழுதிக்கொடுப்பது பெரியவர்களான நாம்தான்.

பெரும்பாலும் கிடைப்பது மூன்று நிமிடம். நிதானமாகப் பேசினால் அதில் ஏறக்குறைய 250 தமிழ்ச் சொற்கள் அடங்கும். ‘அவைத் தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே’ என்று வரிசையாக அழைத்து முடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விடும். மிச்சம் இருப்பதில் ஐந்து கருத்து சொன்னால் ஒன்றும் நிற்காது. நடந்த கதை ஒன்றை முழுசாகச் சொல்ல இடம் உண்டு. நான் எடுத்துக்கொடுப்பது உ. வே. சாமிநாதையரின் கதையை.

1880. கும்பகோணம். அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணங்கள் என்று இவர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை.

பிறகு முதலியாரே சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தருகிறார். படித்தால் புரியவில்லை. அது சமண காவியம். சாமிநாதையர் சைவ இலக்கியத்தில் ஊறியவர். கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப்போய், அவர்கள் சமய வழக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஊர் ஊராக ஏடுகளைத் திரட்டி ஒப்பிடுகிறார். 1887இல் சிந்தாமணி அவர் பதிப்பாக அச்சாகிறது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

வாசிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நிறையப் படித்தவர் ஒருவருக்கு, தான் படிக்காதது எவ்வளவு என்று இன்னொரு வாசகர் காட்டிக்கொடுத்தார். முதலியார் தொழில்முறைப் புலவர் அல்ல, நீதித்துறை அதிகாரி. பிள்ளை இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இனி மேடைக்கு. வணக்கத்தை ஒரே வரியில் முடித்துவிட்டு நேராகக் கதைக்குள் போகலாம். ‘அவைக்கு வணக்கம். நிறையப் படித்த ஓர் ஆசிரியரை ஒரே கேள்வி வாயடைக்க வைத்தது. அந்தக் கேள்வி கும்பகோணத்தில் கேட்கப்பட்டது.’ மூன்றும் சின்ன வாக்கியங்கள். ‘படித்து, அறிந்து, உணர்ந்து, தெளிந்து’ என்று நீட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நடுவிலேயே மூச்சு முட்டும். மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் தாளில் ஒரு கோடு போட்டுக்கொடுங்கள். ஆண்டுகளை எண்ணால் எழுதாமல் ‘ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு’ என்று எழுத்தால் எழுதுங்கள். எண்ணைப் பார்த்துப் பழகிய பிள்ளை மேடையில் அங்கேதான் தடுக்கி நிற்கும்.

சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்த பிள்ளையை எளிதில் அடையாளம் காணலாம். கண் கூரைக்குப் போகும், பாதிக்கு மேல் வேகம் ஏறும், முன்வரிசையில் அம்மாவின் உதடும் சேர்ந்து அசையும். ஒரு சொல் தவறினால் அதற்கடுத்த எல்லாமே மறந்துபோகும். கதையில் அந்த ஆபத்து குறைவு. முன்சீப் வந்தார், கேட்டார், இவர் பதில் சொன்னார், பிரதி கிடைத்தது என்று நிகழ்ச்சி வரிசை நினைவிருந்தால் போதும். மறந்த சொல்லுக்குப் பதில் வேறு சொல் வாயில் வரும். அதனால் எழுதியதைக் கொடுக்கும் முன், தாள் இல்லாமல் கதையை வீட்டில் இரண்டொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை தன் பேச்சில் எப்படிச் சொல்கிறதோ அதை ஒட்டியே உரையை எழுதுங்கள்.

சிந்தாமணியில் ழகரமும் ளகரமும் உறுத்தாது. ‘ஏட்டுச் சுவடி’, ‘மணிமேகலை’ போன்றவற்றில் டகரமும் ணகரமும் மழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் முடியப்போகிறது என்று எச்சரிக்கை மணி அடித்ததும் பிள்ளை பதறி ஓடும். அதற்காகவே உரையை இரண்டரை நிமிட அளவில் நிறுத்திவிடுங்கள்.